ஓவர்ஃபிட்டா, அண்டர்ஃபிட்டா? லேர்னிங் கர்வைப் படித்து அடுத்து எதை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீப் லேர்னிங் பழகுபவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களின் தொகுப்பு இது. பதில்கள் எல்லாம் ஒரே வேலையைச் சுற்றி வரும்: சிஃபார்-10 படங்களைப் பத்து வகையாகப் பிரிப்பது. 32×32 அளவுள்ள வண்ணப் படங்கள். பயிற்சிக்கு 50,000, சோதனைக்கு 10,000. அந்த 50,000-ல் 45,000 படங்களைப் பயிற்சிக்கும் 5,000 படங்களை வேலிடேஷனுக்கும் பிரித்துக்கொண்டதாக வையுங்கள். சோதனைப் படங்களைக் கடைசிவரை தொடக்கூடாது. கீழே வரும் இரண்டு பதிவுகளில் உள்ள எண்கள், சிறிய கன்வல்யூஷன் மாடல்களில் வழக்கமாகத் தெரியும் போக்கைக் காட்ட எழுதியவை.

1. லேர்னிங் கர்வ்னு ஆளுக்கு ஒண்ணைக் காட்டுறாங்க. எதைத்தான் சொல்றாங்க?

இரண்டு வேறு படங்களுக்கு ஒரே பெயர் ஓடுகிறது. முதலாவதில் கிடைக்கோட்டில் எபாக் இருக்கும், நிமிர்கோட்டில் லாஸ் இருக்கும். பயிற்சி நடக்க நடக்க ட்ரெயினிங் லாஸும் வேலிடேஷன் லாஸும் எப்படிப் போகின்றன என்பதை அது காட்டும். இரண்டாவதில் கிடைக்கோட்டில் பயிற்சிப் படங்களின் எண்ணிக்கை இருக்கும். அதில் ஒவ்வொரு புள்ளியும் முழுதாக முடிந்த ஒரு பயிற்சியின் முடிவு.

முதல் படம் "இந்த மாடலுக்கு இப்போது என்ன கோளாறு" என்பதற்கு. இரண்டாவது "இன்னும் டேட்டா சேர்த்தால் பயன் உண்டா" என்பதற்கு. 11-வது கேள்வி வரை முதல் படத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

2. முதல் எபாக்குக்கு முன்னாடியே லாஸ் 2.3-னு காட்டுது. இது நல்லதா கெட்டதா?

நல்லது. பத்து வகைகள், எதுவுமே தெரியாத மாடல் ஒவ்வொன்றுக்கும் 0.1 நிகழ்தகவு கொடுக்கும், அதற்கான லாஸ் `ln(10) = 2.303`. நூறு வகைகள் இருந்தால் 4.605-ல் தொடங்கும். வகைகள் சமமாக இல்லாவிட்டால் கணக்கு மாறும்: 95-க்கு 5 என்று பிரிந்த இரண்டு வகைகள் என்றால், படத்தையே பார்க்காமல் விகிதத்தை மட்டும் சொல்லும் மாடலுக்குக்கூட லாஸ் ஏறக்குறைய 0.2-தான் வரும். "0.2 வந்துவிட்டது" என்று அங்கே மகிழ முடியாது. ஆகவே எந்தக் கர்வைப் பார்க்கும் முன்பும் இந்த அடிக்கோட்டைக் கணக்கிட்டு, படத்திலேயே ஒரு கிடைக்கோடாகப் போட்டு வைத்துவிடுங்கள்.

லாஸ் 8, 15 என்று தொடங்கினால் பெரும்பாலும் பிக்சல்களை 0–255 அளவிலேயே உள்ளே விட்டிருப்பீர்கள். 2.30-ல் தொடங்கி பல எபாக் ஆகியும் 2.30-லேயே நின்றால் மாடல் எதையும் கற்கவில்லை: லேர்னிங் ரேட் மிக அதிகமாக இருக்கலாம், அல்லது படங்களைக் கலைத்தபோது லேபிள்களைச் சேர்த்துக் கலைக்காமல் விட்டிருக்கலாம். இந்த நிலையில் ஓவர்ஃபிட், அண்டர்ஃபிட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

3. அண்டர்ஃபிட்டிங்னு எதை வெச்சுச் சொல்றது?

ட்ரெயினிங் கோட்டை மட்டும் முதலில் பாருங்கள். அது போக வேண்டிய ஆழத்துக்குப் போகாமலே படுத்துவிட்டதா? அப்படியானால் அண்டர்ஃபிட். வேலிடேஷன் கோடு அதை ஒட்டியே போகும்:

```
epoch   loss   val_loss
1       1.92   1.80
10      1.41   1.40
30      1.33   1.34
40      1.33   1.34
```

இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து "ஓவர்ஃபிட்டே இல்லை, அருமை" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தான் பார்த்த படங்களிலேயே 1.33-க்குக் கீழே போக முடியாத மாடல் இது. "போக வேண்டிய ஆழம்" எது என்பதை இதே டேட்டாவில் பிறர் எட்டியதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சிஃபார்-10-ல் 90%-க்கு மேல் போவது பழைய செய்தி என்பதால், 1.33-ஐ டேட்டாவின் எல்லை என்று சொல்ல வழியில்லை.

கோடு கடைசியில் இன்னும் சரிந்துகொண்டிருந்தால் அது வேறு விஷயம். பயிற்சி முடியவில்லை, அவ்வளவுதான். எபாக்கைக் கூட்டிவிட்டு மறுபடி பாருங்கள். மேலே 30-க்கும் 40-க்கும் நடுவே எதுவும் அசையவில்லை என்பதால்தான் துணிந்து அண்டர்ஃபிட் என்கிறோம்.

4. அப்போ ஓவர்ஃபிட்டிங் எப்படி இருக்கும்? ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இடைவெளி வந்தாலே ஓவர்ஃபிட்டா?

அதே படங்கள், அதைவிடப் பெரிய மாடல், ஆக்மென்டேஷன் எதுவும் இல்லை:

```
epoch   loss   val_loss   val_acc
1       1.58   1.29       0.54
5       0.83   0.92       0.68
9       0.55   0.86       0.71
15      0.27   1.05       0.72
30      0.06   1.71       0.72
```

ட்ரெயினிங் லாஸ் இறங்கிக்கொண்டே போகிறது. வேலிடேஷன் லாஸ் 9-வது எபாக்கில் அடிதொட்டுத் திரும்பி ஏறுகிறது. அந்தத் திருப்பம்தான் அடையாளம். அதன் பிறகு மாடல் கற்பதில் பெரும்பகுதி அந்த 45,000 படங்களுக்கு மட்டுமே உரியது.

இடைவெளி மட்டும் இருப்பது குற்றமில்லை. பார்த்த படத்தில் மாடல் கொஞ்சம் நன்றாகச் செய்வது இயல்பு. ட்ரெயினிங் 0.10, வேலிடேஷன் 0.30 என்ற மாடலையும், இரண்டுமே 0.60 என்ற மாடலையும் எதிரெதிரே வைத்தால் முதலாவதே நல்ல மாடல். இடைவெளியைச் சுருக்குவதையே குறியாக வைத்தால் மாடலைக் கெடுத்துக்கூட அதைச் செய்துவிடலாம். வேலிடேஷன் கோடு கீழே வருகிறதா என்பதைப் பாருங்கள். அடுத்து எந்தப் பக்கம் கை வைப்பது என்று சொல்ல மட்டுமே இடைவெளி.

5. வேலிடேஷன் லாஸ், ட்ரெயினிங் லாஸைவிடக் கம்மியா வருதே! இது சாத்தியமா?

சாத்தியம்தான். மேலே உள்ள பதிவின் முதல் எபாக்கிலேயே அப்படி இருக்கிறது. திரையில் காட்டும் ட்ரெயினிங் லாஸ், அந்த எபாக் முழுவதும் வந்த லாஸ்களின் சராசரி. படங்கள் 45,000, பேட்ச் 128 என்றால் ஓர் எபாக்குக்கு 352 படிகள். முதல் படியில் எதுவும் தெரியாத மாடல் வாங்கிய 2.3-உம் அந்தச் சராசரிக்குள் இருக்கும். வேலிடேஷன் லாஸோ 352 படிகளும் முடிந்த பிறகு அளந்தது. இதுபோக டிராப்அவுட்டும் ஆக்மென்டேஷனும் பயிற்சியின்போது மட்டும் இயங்குவதால் ட்ரெயினிங் எண் இன்னும் மேலே தள்ளப்படும்.

சந்தேகம் இருந்தால் இரண்டையும் ஒரே நிலைமையில் அளந்துவிடுங்கள். பயிற்சிப் படங்களில் ஏதாவது 5,000-ஐ எடுத்து, ஆக்மென்டேஷன் இல்லாமல், எபாக் முடிந்த பிறகு ஓட்டிப் பாருங்கள். கீழே `evaluate` என்பது சராசரி லாஸைக் கணக்கிட நீங்களே எழுதிய ஃபங்ஷன்.

```python
model.eval()
with torch.no_grad():
    tr = evaluate(model, train_plain_5000)
    va = evaluate(model, val_set)
model.train()
```

அப்படி அளந்தும் வேலிடேஷனே தெளிவாகக் கீழே இருந்தால் பிரித்த விதத்தில்தான் ஏதோ இருக்கிறது: எளிய படங்கள் அந்தப் பக்கம் குவிந்திருக்கலாம். கடைசி வரியை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். டிராப்அவுட் நின்றுபோய்விடும், பேட்ச்நார்ம் உறைந்துவிடும். இரண்டாவது எபாக்கிலிருந்து கர்வ் வேறு மாடலுடையது போல நடந்துகொள்ளும், பிழைச்செய்தி எதுவும் வராது.

6. வேலிடேஷன் லாஸ் ஏறுது, ஆனா அக்யூரசியும் ஏறுதே. எதை நம்பறது?

இரண்டும் உண்மையே. 4-வது பதிலில் 9-வது எபாக்கிலிருந்து 30-வது வரை லாஸ் இரட்டிப்பானது, அக்யூரசி 71-லிருந்து 72 ஆனது. அக்யூரசிக்கு முதலிடம் யாருக்கு என்பது மட்டும் போதும். லாஸோ சரியான வகைக்கு மாடல் கொடுத்த நிகழ்தகவு `p` என்றால் `-ln(p)` என்று தண்டம் விதிக்கிறது. தவறை எவ்வளவு அடித்துச் சொன்னாய் என்பதற்கும் அதில் தண்டம் உண்டு.

கணக்காகப் போட்டுப் பார்ப்போம். வேலிடேஷனில் 500 படங்கள் முன்பும் தவறு, இப்போதும் தவறு. முன்பு சரியான வகைக்கு 0.05 கொடுத்த மாடல் இப்போது 0.001 கொடுக்கிறது. ஒரு படத்துக்கான தண்டம் 3.0-லிருந்து 6.9-க்குப் போகிறது, 5,000 படங்களின் சராசரியில் இது மட்டுமே 0.39 ஏற்றம். அதே நேரம் வேறு 50 படங்களில் சரியான வகை 0.45-லிருந்து 0.55-க்கு நகர்ந்து முதலிடத்தைப் பிடித்தது என்று வையுங்கள். அக்யூரசி ஒரு சதவீதப் புள்ளி ஏறிவிட்டது; லாஸில் கிடைத்த லாபம் 0.002. மாடல் தன் தவறுகளில் அளவுக்கு மீறித் துணிந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

வகையை மட்டும் சொன்னால் போதும் என்ற வேலைக்கு அக்யூரசியை வைத்து எபாக்கைத் தேர்ந்தெடுக்கலாம். நிகழ்தகவை வைத்து முடிவெடுக்கும் இடத்தில் (0.9-க்குக் கீழே என்றால் மனிதர் பார்க்கட்டும் என்பது போல) லாஸைத்தான் நம்ப வேண்டும். சரியான வகைக்கு 1 என்று முழு உறுதியோடு சொல்லாமல் லேபிளைச் சற்றுத் தளர்த்தும் லேபிள் ஸ்மூத்திங்கை 0.1 என வைப்பதும், பயிற்சி முடிந்த பிறகு மாடலின் வெளியீட்டு எண்களை எல்லாம் ஒரே எண்ணால் வகுக்கும் டெம்பரேச்சர் ஸ்கேலிங்கை வேலிடேஷன் படங்களைக் கொண்டு செய்வதும் இந்த மிதமிஞ்சிய துணிச்சலை அடக்கும். டெம்பரேச்சர் ஸ்கேலிங் முதலிடத்தை மாற்றாது என்பதால் அக்யூரசி அப்படியே இருக்கும்.

7. அண்டர்ஃபிட்னு தெரிஞ்சிடுச்சு. உடனே லேயரைக் கூட்டிடலாமா?

கூட்டுவதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. 64 படங்களை மட்டும் எடுத்து, ஆக்மென்டேஷன், டிராப்அவுட், வெயிட் டிகே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அதே 64-ஐத் திரும்பத் திரும்பக் காட்டுங்கள்.

```python
x, y = next(iter(train_loader))
x, y = x[:64], y[:64]
for step in range(500):
    opt.zero_grad()
    loss = F.cross_entropy(model(x), y)
    loss.backward()
    opt.step()
```

லாஸ் பூஜ்யத்தை நெருங்க வேண்டும். 64 படங்களை மனப்பாடம் செய்ய முடியாத மாடலில் பெரும்பாலும் கோளாறு அளவில் இருக்காது, எழுதிய நிரலில் இருக்கும். அடிக்கடி அகப்படும் ஒன்று: மாடலின் கடைசியில் சாஃப்ட்மேக்ஸ் போட்டுவிட்டு, உள்ளுக்குள்ளேயே சாஃப்ட்மேக்ஸ் செய்யும் `cross_entropy`-க்கு அதைக் கொடுப்பது. பத்து வகைகளில் அப்போது எல்லா விடையும் சரியாக இருந்தாலும் லாஸ் 1.461-க்குக் கீழே இறங்காது, ஏனென்றால் `-ln(e/(e+9))`-இன் மதிப்பு அதுதான். கர்வ் 1.46-க்குச் சற்று மேலே படுத்திருந்தால் வேறு எதையும் தேடும் முன் கடைசி லேயரைப் பாருங்கள்.

சோதனையில் தேறிவிட்டால் லேர்னிங் ரேட்டைப் பாருங்கள்: பத்தில் ஒரு பங்கு, பத்து மடங்கு என இரண்டு பக்கமும் சில எபாக் ஓட்டினாலே போதும். அதன் பிறகு டிராப்அவுட் 0.5, வெயிட் டிகே 0.01 என்று எங்காவது நகலெடுத்தது மாடலைப் பிடித்து இழுக்கிறதா என்று பார்த்துத் தளர்த்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் அளவு: முதலில் சேனல்களை இரட்டிப்பாக்குங்கள், பிறகு லேயர்களைக் கூட்டுங்கள்.

8. ஓவர்ஃபிட்னு தெரிஞ்சா முதல்ல எதை மாத்தணும்? டிராப்அவுட்தானே?

படங்களில் நாங்கள் முதலில் கைவைப்பது ஆக்மென்டேஷனில். சிஃபார்-10-க்கு நெடுநாளாக எல்லோரும் செய்வது இது: நான்கு பக்கமும் 4 பிக்சல் விளிம்பு சேர்த்து, 40×40 ஆனதிலிருந்து எங்காவது ஒரு 32×32-ஐ வெட்டுவது, பாதி வாய்ப்பில் இடவலமாகப் புரட்டுவது. மாடல் ஒரே பிக்சல் அடுக்கை இரண்டு முறை காண்பது அரிதாகிவிடுவதால் மனப்பாடம் கடினமாகிறது. புரட்டுவது டேட்டாவுக்குப் பொருந்துமா என்று மட்டும் யோசியுங்கள். கார் புரண்டாலும் கார்தான். தமிழ்க் கையெழுத்தில் "எ" புரண்டால் அது எந்த எழுத்துமே இல்லை.

அடுத்து வெயிட் டிகே. எஸ்ஜிடி என்றால் 0.0001-இலிருந்து 0.0005 வரை பார்க்கலாம். டிராப்அவுட்டைக் கடைசி டென்ஸ் லேயருக்கு முன் வைப்பது பயன் தரும்; பேட்ச்நார்ம் நிறைந்த கன்வல்யூஷன் லேயர்களுக்கு நடுவே போட்டால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மாடலைச் சுருக்குவது எங்கள் பட்டியலில் கடைசி.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கர்வில் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றே: ட்ரெயினிங் லாஸ் கொஞ்சம் ஏற வேண்டும், வேலிடேஷன் லாஸின் அடி முன்பைவிடக் கீழே போக வேண்டும். இரண்டும் ஏறினால் அளவுக்கு மீறிவிட்டீர்கள், 3-வது பதிலின் பக்கம் சாய்கிறீர்கள். இரண்டுமே நகரவில்லையா? மாற்றம் உண்மையில் ஓடவேயில்லை என்று சந்தேகியுங்கள். ஆக்மென்டேஷனை எழுதிவிட்டுப் பழைய லோடரையே கொடுத்துக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். ஒரே ஓட்டத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று கர்வ் சொல்லாது.

9. வேலிடேஷன் கோடு பல்லு பல்லா குதிக்குது. எந்த எபாக்கை எடுத்துக்கறது?

முதலில் வேலிடேஷன் செட் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். அக்யூரசி 75%, படங்கள் 5,000 என்றால் திட்டப் பிழை `sqrt(0.75*0.25/5000)`, அதாவது 0.6 சதவீதப் புள்ளி. 200 படங்கள்தான் என்றால் அது 3.1. அந்த 200-ஐ வைத்துக்கொண்டு 76-க்கும் 78-க்கும் வித்தியாசம் பேசுவதில் அர்த்தமில்லை.

செட் பெரிதாக இருந்தும் குதித்தால் காரணம் பெரும்பாலும் லேர்னிங் ரேட். ட்ரெயினிங் கோடு வழுவழுப்பாகத் தெரிவது சராசரி எடுப்பதால் (5-வது பதில்); வெயிட்கள் உண்மையில் ஒவ்வொரு படியிலும் தாவிக்கொண்டுதான் இருக்கின்றன. ரேட்டைப் பத்தில் ஒரு பங்காக்கி இரண்டு மூன்று எபாக் ஓட்டுங்கள். குதிப்பு அடங்கிவிட்டால் காரணம் அதுவே. குதிக்கும் கோட்டில் ஒரே ஒரு உச்சத்தைப் பிடித்து அதைச் சிறந்த மாடல் என்பது அதிர்ஷ்டத்தைத் தேர்ந்தெடுப்பதாகும்.

10. வேலிடேஷன் லாஸ் பத்து எபாக்கா நகரல. எர்லி ஸ்டாப்பிங் போட்டு நிறுத்திடலாமா?

லேர்னிங் ரேட் அட்டவணையைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். கைமிங் ஹே குழுவினர் 2015-ல் ரெஸ்நெட்டைச் சிஃபார்-10-ல் பயிற்றியபோது ரேட் 0.1-ல் தொடங்கி, 32,000-வது படியிலும் 48,000-வது படியிலும் பத்தில் ஒரு பங்காக்கி, 64,000-ல் முடித்தார்கள். இந்த மாதிரி அட்டவணையில் கோடு நெடுநேரம் தட்டையாகக் கிடக்கும். ரேட் குறைந்த அந்த இடத்தில் செங்குத்தாக விழும். பேட்ச் 128-க்கு 32,000 படிகள் என்றால் சுமார் 91 எபாக். 10 எபாக் பொறுமையோடு நிறுத்துபவர் அந்தச் சரிவைக் காணாமலே போய்விடுவார்.

ரேட்டை மாற்றாமல் ஓட்டினால் எர்லி ஸ்டாப்பிங் சரிதான். கெராஸில் `EarlyStopping`-இன் `patience` சொல்லாவிட்டால் 0, `restore_best_weights` சொல்லாவிட்டால் `False`. இரண்டாவதை மறந்தால் கையில் மிஞ்சுவது கடைசி எபாக்கின் வெயிட்கள்: 4-வது பதிலின் பதிவில் 9-வது எபாக்குக்குப் பதிலாக அதன் பிறகு கெட்டுப்போன ஒன்று.

11. லேயரைக் கூட்டினேன், வேலிடேஷன் மோசமாயிடுச்சு. பெரிய மாடல்னா ஓவர்ஃபிட்தானே?

ட்ரெயினிங் கோட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடாது. மேலே சொன்ன அதே ஆய்வின் தொடக்கமே இந்தக் கேள்விதான். குறுக்குவழி இணைப்பு இல்லாத சாதாரண மாடலில் 20 லேயர், 56 லேயர் என இரண்டைச் சிஃபார்-10-ல் பயிற்றினார்கள். 56 லேயர் மாடல் சோதனைப் படங்களில் மோசமாக இருந்தது. பயிற்சிப் படங்களிலும் 20 லேயரைவிட மோசமாகவே இருந்தது.

ஓவர்ஃபிட் என்றால் ட்ரெயினிங் பிழை குறைந்திருக்க வேண்டும். இங்கே அது கூடியிருக்கிறது. 20 லேயர் செய்வதை 56 லேயரும் செய்துவிட முடியும் (மிச்ச லேயர்கள் வந்ததை அப்படியே கடத்திவிட்டால் போதும்). ஆனால் பயிற்சி முறையால் அந்த வெயிட்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இதற்கு டிராப்அவுட் போடுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது. மருந்து ரெசிடுவல் எனப்படும் அந்தக் குறுக்குவழி இணைப்பு, சரியான தொடக்க வெயிட், லேர்னிங் ரேட்டை மெல்ல ஏற்றித் தொடங்குவது.

12. இன்னும் படம் சேகரிக்கக் காசு செலவாகும். சேர்த்தா பயன் உண்டான்னு முன்னாடியே தெரியுமா?

1-வது பதிலில் சொன்ன இரண்டாவது வகைப் படம் இதற்குத்தான். இருக்கும் 45,000-ஐயே 5,625, 11,250, 22,500, 45,000 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் புதிதாகப் பயிற்றி, பயிற்றிய படங்களிலும் அதே 5,000 வேலிடேஷன் படங்களிலும் அளந்து இரண்டு கோடுகளாக வரையுங்கள். எபாக் எண்ணிக்கையை ஒன்றாக வைத்தால் சிறிய செட்டுக்குப் படிகள் குறைந்து அது வீணாக மோசமாகத் தெரியும். ஒவ்வொன்றையும் அதன் வேலிடேஷன் லாஸ் அடிதொடும் வரை ஓட்டுங்கள். சிறிய செட்களில் வேறு வேறு சீடில் மூன்று முறையாவது செய்து சராசரி எடுங்கள்.

கடைசி இரட்டிப்பில் வேலிடேஷன் பிழை தெளிவாகக் குறைந்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவே இன்னும் இடைவெளி இருந்தால் சேகரியுங்கள். அடுத்த இரட்டிப்பில் கிடைப்பது ஏறக்குறைய அதே விகிதமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்கும் என்று கணக்குப் போடலாம். இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டு உயரத்திலேயே நின்றால் அது அண்டர்ஃபிட். படத்துக்குச் செலவழிக்கும் காசு வீண். சைகிட்-லேர்னின் `learning_curve` இதையே தானாகச் செய்யும், ஆனால் `shuffle` இயல்பில் `False`: பயிற்சிப் பகுதியின் முன்னாலிருந்து வரிசையாக எடுக்கும். டேட்டா வகை வகையாக அடுக்கப்பட்டிருந்தால் முதல் புள்ளிகளில் ஒன்றிரண்டு வகைகள்தான் இருக்கும்.

13. ட்ரெயினிங் 99, வேலிடேஷன் 98. ரெண்டு கோடும் அம்சமா இருக்கு. வெளியில கொடுத்தா சொதப்புது. ஏன்?

வேலிடேஷன் படங்கள் எங்கிருந்து வந்தனவோ அந்த இடத்தைப் பற்றித்தான் கர்வ் பேசும். ஒரே வீடியோவின் அடுத்தடுத்த ஃபிரேம்களை, அல்லது ஒரே நோயாளியின் பல எக்ஸ்ரேக்களைக் கலைத்துப் பிரித்தால், ஒன்று பயிற்சியிலும் அதன் இரட்டை வேலிடேஷனிலும் போய் உட்காரும். மனப்பாடமே அங்கே மதிப்பெண் வாங்கிவிடும், ஓவர்ஃபிட் கண்ணில் படாது. வீடியோவாகவோ நோயாளியாகவோ மொத்தமாக ஒரு பக்கம் போகும்படி பிரிக்க வேண்டும். `GroupKFold` இருப்பது அதற்கே. கவனமாகத் தொகுத்த செட்களுக்கும் இது நேர்கிறது: சிஃபார்-10 சோதனைப் படங்களில் 3.3%-க்கும், சிஃபார்-100-ல் 10%-க்கும் பயிற்சிப் பக்கத்தில் நகலோ கிட்டத்தட்ட நகலோ இருப்பதை பார்ட்ஸும் டென்ஸ்லரும் 2019-ல் காட்டினார்கள்.

நகல் எதுவும் இல்லாமலும் சொதப்பலாம். பகலில் எடுத்த படங்களில் பழகிய மாடலிடம் இரவுப் படத்தைக் கொடுத்தால் அப்படித்தான். பயன்படப் போகும் இடத்திலிருந்தே சில நூறு படங்களுக்கு லேபிள் போட்டு மூன்றாவது கோடாக வரையுங்கள். வேலிடேஷன் கோடு கீழே, இந்தக் கோடு மேலே என்றால் வெயிட் டிகேயைத் திருகுவதில் பலனில்லை. அந்த இடத்துப் படங்களைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும்.

14. ட்ரெயினிங் அக்யூரசி 100% வந்தா மாடல் வேஸ்ட்னு அர்த்தமா?

இல்லை. 100% என்பது தனியாக எதையும் சொல்லாது. 2016-ல் சியுவான் ஜாங் குழுவினர் சிஃபார்-10 லேபிள்களை முற்றிலும் தற்செயலாக மாற்றிப் பயிற்றினார்கள். மாடல் அந்த அர்த்தமற்ற லேபிள்களையும் முழுக்க மனப்பாடம் செய்தது. அதே மாடல் உண்மையான லேபிள்களில் 100% எடுத்தபோது சோதனைப் படங்களிலும் நன்றாகவே செய்தது. ட்ரெயினிங் கோடு இரண்டு இடத்திலும் கடைசியில் பூஜ்யத்துக்கே வந்து நிற்கிறது. வேறுபாடு தெரிவது வேலிடேஷன் கோட்டில்தான்.

15. வேலிடேஷனைப் பாத்துப் பாத்தே எல்லாத்தையும் மாத்துறோம். அப்போ அதுக்கே ஓவர்ஃபிட் ஆகாதா?

ஆகும், மெதுவாக. பத்து அமைப்புகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தால் அதன் எண்ணில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும்; எவ்வளவு என்பதற்கு 9-வது பதிலின் திட்டப் பிழையே ஓர் அளவுகோல். 5,000 படங்களில் 0.3 புள்ளி முன்னேற்றத்துக்காக ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுப்பது தற்செயல் ஏற்றத்தாழ்வைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம். ஒதுக்கி வைத்த அந்த 10,000 சோதனைப் படங்களைக் கடைசியில் ஒரே முறை ஓட்டுங்கள். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி அமைப்பை மாற்றினால் அதுவும் இன்னொரு வேலிடேஷன் செட் ஆகிவிடும்.

உலகமே பல ஆண்டுகளாக ஒரே சோதனைச் செட்டைப் பார்த்ததால் என்ன ஆனது என்பதை பெஞ்சமின் ரெக்ட் குழுவினர் 2018-ல் அளந்தார்கள். சிஃபார்-10 தொகுக்கப்பட்ட முறையையே பின்பற்றிப் புதிதாக ஏறக்குறைய 2,000 படங்களைச் சேர்த்துப் பழைய மாடல்களை அதில் ஓட்டினார்கள். பெரும்பாலான மாடல்களில் அக்யூரசி 4 முதல் 10 சதவீதப் புள்ளி வரை விழுந்தது. ஆனால் பழைய செட்டில் முன்னணியில் இருந்தவையே புதியதிலும் ஏறக்குறைய அதே வரிசையில் முன்னணியில் நின்றன. சோதனைச் செட்டுக்கே ஓவர்ஃபிட் ஆகியிருந்தால் அந்த வரிசை குலைந்திருக்கும் என்பதால், வீழ்ச்சிக்கு முக்கியக் காரணம் புதிய படங்கள் சற்றே கடினமாக அமைந்ததுதான் என்பது அவர்களின் முடிவு.